ஆறாவது ஃபவுல்: ஃபுட்சால் போடும் கணக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமெல்லாம் வலை கட்டி விளக்குப் போட்ட டர்ஃப் மைதானங்கள் வந்தபிறகு, ஐவர் கால்பந்துப் போட்டி நோட்டீஸ்கள் பெருகிவிட்டன. சிலவற்றில் ‘ஃபுட்சால் விதிகளின்படி’ என்றே அச்சடித்திருக்கும். ஆட்டத்தைப் போய்ப் பார்த்தால் அணிக்கு ஐந்து பேர், சின்ன கோல், சின்ன மைதானம் என்பதைத் தவிர மற்றதெல்லாம் பெரிய மைதானத்துக் கால்பந்தாகவே இருக்கும். பந்து வெளியே போனால் கையால் எறிவார்கள். ஆள் மாற்ற நடுவரின் அனுமதிக்குக் காத்திருப்பார்கள். ஃபவுல் நடந்தால் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய இழப்பு. அணி செய்த ஃபவுல்களைக் கூட்டி வைக்கும் கணக்கு இல்லாவிட்டால் ஃபுட்சாலின் மற்ற விதிகளும் பாதி அர்த்தத்தை இழக்கின்றன. பக்கக்கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் அடித்து உள்ளே அனுப்பும் கிக்-இன், எந்நேரமும் ஆள் மாற்றும் வசதி, பந்தை அடிக்க நான்கு வினாடிக் கெடு எல்லாமே ஆட்டத்தை வேகப்படுத்துகின்றன. வேகம் கூடும்போது தற்காத்து ஆடுபவருக்குச் சட்டையைப் பிடித்து இழுப்பதுதான் சுலபமான வழியாகத் தோன்றும். அந்த வழிக்குப் போட்ட பூட்டுதான் ஃபவுல் கணக்கு.

பதினொருவர் ஆட்டத்தில் இப்படி ஒரு பூட்டு கிடையாது. நடுக்கோட்டருகே எதிரணி வேகமாகக் கிளம்பும்போது ஒருவர் இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்டனை ஒரு ஃப்ரீ கிக், பெரும்பாலும் ஒரு மஞ்சள் அட்டை. கோலுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி அந்த ஃப்ரீ கிக்கால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. அட்டை அந்த ஒருவருக்கு மட்டும்தான். அடுத்த முறை வேறொருவர் போய்ப் பிடிப்பார். ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு ஃபவுல் செய்யும் அணிக்கு அணி என்ற முறையில் எந்தத் தண்டனையும் ஏறுவதில்லை. திரும்பத் திரும்பத் தவறு செய்பவருக்கு மஞ்சள் அட்டை காட்டலாம் என்ற விதியும் தனி ஆளைத்தான் பார்க்கிறது.

ஃபுட்சாலில் ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு அணிக்கும் தனிக் கணக்கு ஓடுகிறது. நேரடி ஃப்ரீ கிக்கோ பெனால்டியோ கொடுக்கவேண்டிய குற்றம் எதுவானாலும் அந்த அணியின் கணக்கில் ஒன்று கூடும். தள்ளுவது, இழுப்பது, கால் தட்டுவது, மோதுவது, கையால் பந்தைத் தொடுவது எல்லாம் இதில் சேரும். யார் செய்தார் என்பது கணக்குக்கு முக்கியமில்லை. முதல் ஐந்து வரை சாதாரண ஃப்ரீ கிக்தான்: எதிரணி ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், சுவர் அமைத்துக்கொள்ளலாம். ஆறாவதிலிருந்து சுவர் கிடையாது. கோல் கோட்டிலிருந்து பத்து மீட்டரில் இருக்கும் இரண்டாவது பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்து, கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கலாம். ஏழாவது, எட்டாவது, அதற்கு மேல் எத்தனை வந்தாலும் இதே தண்டனைதான். இடைவேளையில் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். கூடுதல் நேரம் ஆடினால் மட்டும் இரண்டாம் பாதியின் கணக்கு அப்படியே தொடரும்.

எது கணக்கில் சேராது என்பதில்தான் உள்ளூர் ஆட்டங்களில் சச்சரவு வருகிறது. இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய மறைமுக ஃப்ரீ கிக் எதுவும் சேராது. கோல்கீப்பர் தன் பாதியில் பந்தை நான்கு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைக்கும், கணக்கு ஏறாது. நடுவரிடம் வாய்பேசி மஞ்சள் அட்டை வாங்கினாலும், ஆள் மாற்றத்தில் தவறு செய்து வாங்கினாலும் அப்படியே. மஞ்சள் அட்டையையும் கூட்டப்படும் ஃபவுலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அட்டை இல்லாத ஃபவுலும் கணக்கில் ஏறும், ஃபவுல் கணக்கில் ஏறாத அட்டையும் உண்டு.

பத்து மீட்டர் என்பது எவ்வளவு கிட்டம் என்று பார்க்கலாம். பெரிய மைதானத்துப் பெனால்டி 11 மீட்டர், அங்கே கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஃபுட்சால் கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம்தான், பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, கீப்பர் கோட்டிலேயே நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இந்த அடிக்குக் கிடையாது. பெனால்டிப் பகுதிக்குள் இருந்துகொண்டு பந்திலிருந்து ஐந்து மீட்டர் விலகி நின்றால் போதும். அதாவது கோட்டைவிட்டு ஐந்து மீட்டர் முன்னே வந்து கோணத்தை அடைக்கலாம். நல்ல கீப்பர் கைகாலை விரித்து அந்த ஐந்து மீட்டர் எல்லையில் நின்றால் அடிப்பவருக்குத் தெரியும் இடைவெளி சுருங்கிவிடும். அதனால் இது கோல் என்று முன்கூட்டியே எழுதிவைக்கக்கூடிய அடி இல்லை. ஆனாலும் நடுமைதானத்தில் ஒருவர் சட்டையை இழுத்ததற்கு இது கடுமையான விலைதான்.

ஒரு பாதியை முழுக்க ஓட்டிப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடும். மன்னார்குடி அணி ஒன்றும் கும்பகோணம் அணி ஒன்றும் விதிநூல்படி ஆடுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் பாதி, ஆட்டம் 2-2. கடிகாரம் 20:00-இலிருந்து இறங்கி வருகிறது. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்கும். அதைக் கவனிக்க மேஜையில் நேரக்காப்பாளர் இருக்கிறார்.

16:40. மன்னார்குடியின் முன்கள ஆட்டக்காரர் பந்தை இழந்த ஆத்திரத்தில் பின்னாலிருந்து சட்டையை இழுக்கிறார். ஒன்று. நடுவர் ஒரு கையை ஃப்ரீ கிக்கின் திசையில் கிடையாக நீட்டி, மறு கையால் தரையைக் காட்டுகிறார். தரையைக் காட்டும் அந்தக் கைதான் ‘இது கணக்கில் சேரும்’ என்று மேஜைக்குச் சொல்லும் சைகை. 14:10. மன்னார்குடித் தற்காப்பாளர் ஒருவர் கையை விரித்துப் பந்தைத் தடுக்கிறார். இரண்டு.

11:30-இல் நடப்பது சிக்கலானது. கும்பகோணத்தின் ஓரத்து ஆட்டக்காரரைக் காலில் தட்டுகிறார்கள். அவர் தடுமாறினாலும் விழவில்லை, பந்தோடு ஓடுகிறார். நடுவர் விசில் ஊதாமல் அட்வான்டேஜ் கொடுக்கிறார். அவர் அடித்த பந்து வெளியே போகிறது. பந்து வெளியே போனதும் நடுவர் மேஜைக்குத் திரும்பி, முன்பு நடந்த ஃபவுலைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சைகை காட்டவேண்டும். மூன்று. உள்ளூர்ப் போட்டிகளில் தவறிப்போகும் ஃபவுல் பெரும்பாலும் இதுதான். விசில் ஊதாததால் அது முடிந்துபோன கதை என்று நடுவரே மறந்துவிடுவார். கும்பகோணம் தரப்பு ஒன்று கூட்டி எண்ணிக்கொண்டிருக்கும், மன்னார்குடி தரப்பு எண்ணியிருக்காது. கடைசி மூன்று நிமிடத்தில் வெடிக்கும் சண்டைக்கு விதை இங்கேதான் விழுகிறது.

9:05. மன்னார்குடி கீப்பர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். நான்கு வினாடி கடந்ததும் விசில். மறைமுக ஃப்ரீ கிக்தான், கணக்கு மூன்றிலேயே நிற்கிறது. 7:50. கும்பகோணம் எடுத்த கிக்-இன்னைப் பெறப் போனவரை முதுகில் தள்ளுகிறார்கள். நான்கு. 6:20. இன்னொரு இழுப்பு. ஐந்து. கும்பகோணத்துக்கு ஃப்ரீ கிக், மன்னார்குடி சுவர் அமைத்துத் தடுத்துவிடுகிறது. இதற்குள் மூன்றாம் நடுவர் மன்னார்குடியின் பக்கம் மேஜைமீது, ஐந்து முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளத்தை வைத்துவிடுகிறார். மைதானத்தில் இருப்பவர், பெஞ்சில் இருப்பவர், பார்வையாளர் எல்லோருக்கும் அது தெரியும்.

இனி ஆட்டத்தின் குணமே மாறுகிறது. ஆறு நிமிடத்துக்குமேல் மிச்சம். மன்னார்குடி தனக்கு கிக்-இன் கிடைத்த நேரத்தில் டைம்-அவுட் கேட்கிறது. ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு ஒரு நிமிட டைம்-அவுட் ஒன்று உண்டு, முதல் பாதியில் எடுக்காததை இரண்டாம் பாதிக்குக் கடத்த முடியாது. பயிற்சியாளர் அங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான்: காலை நீட்டாதே, உடம்பை வைத்து வழியை மறி, பந்தை அவன் ஓரத்துக்குக் கொண்டுபோகட்டும். எதிர்ப்பக்கம் கும்பகோணத்தின் பயிற்சியாளர் நேர்மாறாகச் சொல்வார்: ஆளுக்கு ஆள் எதிர்த்துப் போ, உன்னைத் தொட வை. பந்தைக் கடத்திக்கொண்டே இருந்த அணி திடீரென்று ஒற்றைக்கு ஒற்றை மோத ஆரம்பித்தால், மேஜையைப் பார்க்காமலே எதிரணிக்கு ஐந்து முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

3:15. மன்னார்குடி முன்னேறிப்போய்க் கும்பகோணத்தின் பாதியிலேயே நெருக்குகிறது. அங்கே, கும்பகோணத்தின் மூலை அருகில், பந்தைப் பறிக்கும் அவசரத்தில் காலைத் தட்டிவிடுகிறார்கள். ஆறு. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாத இடம் இது. ஃபவுல் நடந்தது கும்பகோணத்தின் மூலையில். ஆனால் பந்து முழு மைதானத்தையும் தாண்டிப்போய், மன்னார்குடி கோலுக்கு எதிரே பத்து மீட்டர் புள்ளியில் வைக்கப்படுகிறது. எதிரணியின் பாதியில் செய்த தவறுக்கும் தன் கோலெதிரே பதில் சொல்லவேண்டும். அதனால்தான் ஐந்து முடிந்த அணி மேலே போய் நெருக்கத் தயங்குகிறது. கணக்கே இல்லாத ஆட்டத்தில் இந்தத் தயக்கத்தைப் பார்க்க முடியாது.

அடிப்பவர் யார் என்று நடுவருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். அவர் கோலை நோக்கித்தான் அடிக்கவேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிடக் கூடாது. மற்ற எல்லோரும் பந்துக்குப் பின்னால், பெனால்டிப் பகுதிக்கு வெளியே, பந்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். கும்பகோணம் அடிக்கிறது, கீப்பர் காலால் தடுக்கிறார், பந்து திரும்பி வருகிறது, ஆட்டம் தொடர்கிறது.

1:40. ஏழு. இந்த முறை ஃபவுல் நடந்தது மன்னார்குடி கோல் கோட்டிலிருந்து எட்டு மீட்டரில், கொஞ்சம் இடப்பக்கமாக. பத்து மீட்டர் புள்ளி வழியாகப் போகும் கற்பனைக் கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே, ஆனால் பெனால்டிப் பகுதிக்கு வெளியே. இப்படி நடந்தால் தேர்வு அடிக்கும் அணிக்கு: பத்து மீட்டர் புள்ளியிலிருந்தும் அடிக்கலாம், ஃபவுல் நடந்த இடத்திலிருந்தும் அடிக்கலாம். இரண்டிலும் சுவர் இல்லை. எட்டு மீட்டரைத் தேர்ந்தால் கீப்பரும் பந்திலிருந்து ஐந்து மீட்டர் விலகவேண்டும் என்பதால், கோட்டைவிட்டு மூன்று மீட்டர் வரைதான் முன்னே வர முடியும். இடம் ரொம்ப ஓரமாக இல்லாவிட்டால் எட்டு மீட்டர்தான் புத்திசாலித்தனம். ஓரமாகப் போய்விட்டால் நடுவில் உள்ள புள்ளிக்கு வருவது மேல். இதைப் பயிற்சியிலேயே முடிவு செய்து வைத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் நின்று விவாதித்தால், அடிக்கப்போகிறவருக்குத்தான் படபடப்பு ஏறும்.

இந்த அடிக்கு முன்பே நேரம் முடிந்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். பெனால்டிக்குப் போலவே, இதற்கும் பாதியின் நேரம் நீட்டிக்கப்படும். அடித்து முடித்த பிறகுதான் பாதி முடியும்.

இப்போது கிக்-இன்னுக்கு வரலாம். பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் பதினொருவர் ஆட்டத்தில் கையால் த்ரோ-இன், ஃபுட்சாலில் காலால் கிக்-இன். பந்து வெளியேறிய இடத்தில், கோட்டின்மேல் அசையாமல் வைக்கவேண்டும். எதிரணி ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். எடுப்பவர் தயாரான பிறகு நான்கு வினாடிக்குள் அடிக்காவிட்டால் கிக்-இன் எதிரணிக்குப் போய்விடும். நடுவர் விரல்களைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். கிக்-இன்னிலிருந்து நேரடியாகக் கோல் போட முடியாது: நேரே எதிரணிக் கோலுக்குள் போனால் அவர்கள் கீப்பர் கையால் எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவார், தன் கோலுக்குள்ளேயே போனால் எதிரணிக்குக் கார்னர். கார்னரிலிருந்து மட்டும் நேரடியாகக் கோல் போடலாம். அதற்கும் நான்கு வினாடிதான் கெடு.

நம் ஊரில் தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, பந்தை உருளவிட்டபடியே அடிப்பது. அசையும் பந்தை அடித்தால் கிக்-இன் எதிரணிக்கு மாறும். இரண்டு, ஐந்து மீட்டர் தூரம். டர்ஃப் ஆட்டங்களில் எதிரணிக்காரர் இரண்டு மீட்டரில் வந்து நின்றுகொள்வார், நடுவரும் கண்டுகொள்ளமாட்டார். அப்படி நின்றால் கிக்-இன் ஆபத்தான ஆயுதமாக இல்லாமல் போகிறது, எடுப்பவர் பின்னால் இருக்கும் கீப்பருக்குத் தட்டிவிடுவார். மூன்றாவது தவறு அங்கேதான் காத்திருக்கிறது: தன் அணியின் கிக்-இன்னை நேரடியாக வாங்கும் கீப்பர் கையால் தொடக் கூடாது. தொட்டால் மறைமுக ஃப்ரீ கிக். த்ரோ-இன்னில் வந்த பந்தைக் கையால் பிடிக்கக் கூடாது என்று பெரிய மைதானத்துக் கீப்பர்களுக்குப் பழகியிருக்கும். இங்கே பந்து காலிலிருந்து வருவதால் பலர் அதைச் சாதாரணப் பாஸ் என்று நினைத்து மறந்துவிடுகிறார்கள். காலால் வாங்கினாலும் தன் பாதியில் நான்கு வினாடிதான்.

ஆஃப்சைடு கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். கிக்-இன் எடுக்கும்போது ஒருவர் எதிரணிக் கீப்பருக்கு முன்னாலேயே நிற்கலாம். அவரைப் பிடிப்பதா, நழுவவிடுவதா என்ற தள்ளுமுள்ளில்தான் ஃபவுல்கள் குவிகின்றன. மேலே சொன்ன கற்பனை ஆட்டத்தில் 7:50-இல் நடந்த நான்காவது ஃபவுல் இந்த வகைதான். ஒரு அணிக்கு ஐந்து எப்படித் தீர்ந்தது என்று ஆட்டம் முடிந்து பார்த்தால், இரண்டு மூன்றாவது கிக்-இன், கார்னர் நேரத்துத் தள்ளல்களாக இருக்கும்.

கூண்டு டர்ஃப்களில் இன்னொரு தலைவலி உண்டு. பக்க வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும் என்று விட்டுவிட்டால் கிக்-இன் என்ற விதியே செத்துப்போகும். வலையிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே கோடு போட்டுக்கொள்வதே வழி. மேல் வலையில் பந்து பட்டால், கடைசியாகத் தொட்ட அணிக்கு எதிராக, அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள பக்கக்கோட்டுப் புள்ளியிலிருந்து கிக்-இன். உள்ளரங்கக் கூரைக்காக விதிநூலில் உள்ள இந்த வழி மேல்வலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆள் மாற்றத்தில் பதினொருவர் ஆட்டத்தோடு உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது. அங்கே பெரிய போட்டிகளில் ஐந்து மாற்றுகள் வரைதான், வெளியே போனவர் திரும்ப வரக் கூடாது, ஆட்டம் நின்றிருக்கும்போது நடுவரின் அனுமதியோடுதான் மாற்றலாம். ஃபுட்சாலில் மாற்றுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. வெளியே போனவர் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறலாம், நடுவரிடம் கேட்கவேண்டியதில்லை. கீப்பரையும் இப்படியே மாற்றலாம்.

சுதந்திரம் இவ்வளவு இருப்பதால் இடத்தில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளித் தொடங்கி, ஐந்து மீட்டர் நீளத்துக்கு மாற்று மண்டலம். அதன் இரு முனைகளிலும் பக்கக்கோட்டைக் குறுக்காக வெட்டி 80 சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும், பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே வருபவர் தன் அணியின் மண்டலம் வழியாக முழுதாக வந்த பிறகுதான், உள்ளே போகிறவர் அதே மண்டலம் வழியாகப் போகவேண்டும். மாற்று ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் பிப் எனும் மேலாடையைக் கழற்றி, வெளியே வருபவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவது விதி. கையில் கொடுக்கவேண்டியிருப்பதால் அவர் வருவதற்கு முன்பே குதித்துவிட முடியாது.

முந்திக்கொண்டு உள்ளே போனாலோ மண்டலத்துக்கு வெளியே கால் வைத்துப் போனாலோ, உள்ளே போனவருக்கு மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். நம்மூர் ஆட்டங்களில் இந்தத் தவறுக்கு முக்கியக் காரணம் பெஞ்ச் இடம் மாறாததுதான். அணியின் பெஞ்ச் எப்போதும் தான் காக்கும் பாதியின் பக்கம் இருக்கவேண்டும், இடைவேளையில் பக்கம் மாறும்போது பெஞ்சும் மாறவேண்டும். பையும் தண்ணீர் பாட்டிலும் வைத்த இடத்தைவிட்டு எழ மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால், இரண்டாம் பாதியில் தற்காப்பிலிருந்து வெளியேறுபவர் மைதானத்தின் மறுபாதிக்கு ஓடவேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் அணி நான்கு பேரோடு தவிக்கும், அல்லது பொறுமையில்லாமல் ஆறாவது ஆள் உள்ளே வந்துவிடுவார்.

ஃபவுல் கணக்கோடு இதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. களைத்தவர்தான் கையால் பிடிப்பார். டெல்டாவின் ஏப்ரல், மே புழுக்கத்தில் இரவு ஆட்டமாக இருந்தாலும் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றாத அணியில் கால்கள் அரை அடி பின்தங்கும். பந்துக்கு நீட்டிய கால் கணுக்காலில் படும். ஐந்து முடிந்த நிலையில் நல்ல பயிற்சியாளர் முதலில் செய்வது, ஃபவுல் செய்யும் பழக்கமுள்ளவரை உட்காரவைத்துப் புதிய கால்களை இறக்குவது. மாற்று வரம்பற்றது என்பதால் அவரைக் கடைசி நிமிடத்தில் மீண்டும் கொண்டுவரலாம். பெரிய மைதானத்தில் இந்த வசதி கிடையாது.

சிவப்பு அட்டை விழுந்தால் பதினொருவர் ஆட்டத்தில் கடைசிவரை பத்துப் பேர்தான். ஃபுட்சாலில் இரண்டு நிமிடம் நான்கு பேரோடு ஆடிவிட்டு, ஐந்தாவதாக வேறொருவரை இறக்கலாம். அதற்குள் எதிரணி ஐந்து பேரோடு ஆடி ஒரு கோல் போட்டால், அந்தக் கோலோடேயே ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். வெளியேற்றப்பட்டவர் திரும்ப முடியாது. இந்த இரண்டு நிமிடத்தையும் மேஜைதான் அளக்கவேண்டும், அதுவும் ஆட்டக் கடிகாரத்தின்படி.

போட்டி நடத்துபவர்களுக்கு நடைமுறைச் சிக்கல் நேரம்தான். விதிநூல்படி இருபது நிமிடப் பாதி என்பது பந்து ஆட்டத்தில் இருக்கும் இருபது நிமிடம். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஒரு பாதி பெரும்பாலும் அரை மணியைத் தாண்டும். டர்ஃப் வாடகை மணிக்கணக்கில் என்பதால், ஓடும் கடிகாரத்தில் பத்து அல்லது பதினைந்து நிமிடப் பாதி வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் பத்து நிமிட ஓடும் பாதிக்கு ஐந்து ஃபவுல் இலவசம் என்றால், அந்தப் பூட்டு பூட்டாகவே இருக்காது, ஆறு வருவதற்குள் பாதி முடிந்துவிடும். அப்படியான ஆட்டங்களில் மூன்று வரை சாதாரணம், நான்காவதிலிருந்து பத்து மீட்டர் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது பொருத்தம். இது விதிநூலில் உள்ள எண் இல்லை, உள்ளூர் ஏற்பாடு. அதனால் நோட்டீஸிலேயே அச்சடித்துவிடவேண்டும்.

இரண்டு நடுவர், மூன்றாம் நடுவர், நேரக்காப்பாளர் என்று நால்வரை வைக்க எல்லோராலும் முடியாது. குறைந்தது ஒரு நடுவரும் மேஜையில் கவனமான ஒருவரும் வேண்டும். மேஜைக்காரர் தாளில் ஒவ்வொரு அணிக்கும், ஒவ்வொரு பாதிக்கும் ஐந்து கட்டம் வரைந்துகொண்டு, நடுவர் தரையைக் காட்டும்போதெல்லாம் ஒன்றை அடிக்கவேண்டும். பக்கத்தில் நேரத்தையும் சட்டை எண்ணையும் எழுதிவைத்தால் தகராறு வரும்போது காட்டலாம். ஐந்தாவது கட்டம் அடித்ததும் அந்த அணியின் பக்கம் மேஜைமேல் ஒரு கோனை வைத்தால் போதும். அட்வான்டேஜ் கொடுத்த ஃபவுல் விட்டுப்போகாமல் இருக்க, நடுவர் அட்வான்டேஜ் சைகை காட்டியதுமே மேஜைக்காரர் கட்டத்துக்கு மேல் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். பந்து வெளியே போன பிறகு நடுவர் உறுதி செய்தால் கட்டத்தை அடிப்பது, அவர் மறந்திருந்தால் கூப்பிட்டு நினைவூட்டுவது.

மைதானத்துக்கு ஒரு யோசனை. பலர் கல்லூரிக் கூடைப்பந்துத் தளத்தைப் பார்க்கிறார்கள். அது 28-க்கு 15 மீட்டர். ஃபுட்சாலுக்கு உள்ளூர்ப் போட்டிகளிலும் குறைந்தது 25-க்கு 16 மீட்டர் வேண்டும், ஆகவே அகலம் ஒரு மீட்டர் குறைகிறது. ஹேண்ட்பால் தளம் இருக்கும் பள்ளியைத் தேடுவது மேல். அது 40-க்கு 20 மீட்டர், கோல் மூன்றுக்கு இரண்டு மீட்டர், ஆறு மீட்டர் ஆரத்தில் வளைவும் அதிலேயே இருக்கிறது. மூன்றும் ஃபுட்சாலுக்கு அப்படியே பொருந்தும். இது தற்செயல் இல்லை. 1930-இல் மொண்டேவீடியோவில் உவான் கார்லோஸ் செரியானி இந்த ஆட்டத்தை வடிவமைத்தபோது ஹேண்ட்பால், கூடைப்பந்து, நீர்ப்போலோ விதிகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார். கூடைப்பந்து பார்த்தவர்களுக்கு அணியின் ஃபவுல்களைக் கூட்டுவது புதிதாகவும் இருக்காது.

ஹேண்ட்பால் தளத்தில் கூடுதலாகப் போடவேண்டியவை சில குறிகள்தான். கோல் கோட்டின் நடுவிலிருந்து ஆறு மீட்டரில் பெனால்டிப் புள்ளி, பத்து மீட்டரில் இரண்டாவது புள்ளி, கீப்பர் எதுவரை வரலாம் என்று காட்ட ஐந்து மீட்டரில் ஒரு சின்னக் குறி, பக்கக்கோட்டில் நடுக்கோட்டிலிருந்து ஐந்து, பத்து மீட்டர்களில் மாற்று மண்டலக் கோடுகள். ஹேண்ட்பாலின் ஏழு மீட்டர் கோட்டைப் பெனால்டிப் புள்ளியாகவும், ஒன்பது மீட்டர் விட்டுவிட்டுப் போட்ட கோட்டைப் பத்து மீட்டராகவும் எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. வேறு நிறத் துணிநாடா ஒட்டிவிட்டால் குழப்பம் வராது.

பந்தையும் மாற்றவேண்டும். ஃபுட்சால் பந்து நான்காம் எண், சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், எடை 400 முதல் 440 கிராம். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள்தான் எழும்பவேண்டும். ஐந்தாம் எண் கால்பந்தைச் சிமெண்ட் தளத்தில் ஆடினால் கிக்-இன் ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்துக்குத் துள்ளும், அதை அடக்கப்போகும் இருவர் தோளோடு தோள் மோதுவார்கள், மேஜைக்காரரின் கட்டங்கள் பத்தே நிமிடத்தில் நிரம்பிவிடும். செயற்கைப் புல்லில் நேர்மாறான சிக்கல்: துள்ளல் குறைந்த பந்து புல்லில் இன்னும் மந்தமாகிவிடும் என்பதால் ஆட்டக்காரர்கள் ஐந்தாம் எண்ணையே கேட்பார்கள். மரத்தரை போன்ற வழுவழுப்பான சமதளத்துக்காகச் செய்த பந்து அது. டர்ஃபில் ஆடுவதானால், நான்காம் எண் பந்தின் காற்றழுத்தத்தை அனுமதித்த வரம்பின் மேல் எல்லைக்குக் கொண்டுவந்து ஆடிப்பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். 0.6 முதல் 0.9 வளிமண்டல அழுத்தம் வரை விதி இடம் கொடுக்கிறது.